கார் வாங்க சேமிப்பை எடுப்பதா, கடன் வாங்குவதா?

நம் மஹல்லாவில் கார் வாங்க நினைக்கும் குடும்பங்கள் ஷோரூமுக்குப் போனால் ஒரு பேச்சைத் தவறாமல் கேட்டுவிட்டு வருகிறார்கள். "கையிலுள்ள பணத்தை ஏன் காரில் போடுகிறீர்கள்? அதை பேங்கில் டெபாசிட் போடுங்கள். காருக்கு நாங்கள் லோன் தருகிறோம். நீங்கள் கட்டும் வட்டியைவிட உங்களுக்கு வரும் வட்டி அதிகம்" என்பார்கள். தாளில் கணக்கும் போட்டுக் காட்டுவார்கள். அந்தக் கணக்கில் கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனாலும் முடிவு தவறு.

வட்டி கொடுப்பதும் வாங்குவதும் நமக்கு ஆகாது என்பதை அறிந்தவர்கள்கூட, "மார்க்கம் தடுக்கிறது, அதனால் லாபத்தை விட்டுக்கொடுக்கிறோம்" என்று மனதுக்குள் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் விட்டுக்கொடுக்க அங்கே லாபம் இருக்கிறதா? அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

ஷோரூமில் காட்டும் கணக்கு

ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். அவர்களின் சேமிப்பு 9 லட்சம் ரூபாய். வாங்க நினைக்கும் காரின் விலை பதிவுக் கட்டணம், சாலை வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 7.5 லட்சம். எப்படி வாங்கினாலும் 1.5 லட்சத்தை முன்பணமாகக் கட்டப்போகிறார்கள். மீதி 6 லட்சத்தைச் சேமிப்பிலிருந்து எடுப்பதா, கடனாக வாங்குவதா என்பதுதான் கேள்வி.

கடன் 9 சதவீத வட்டிக்கு, 5 வருடத்துக்குக் கிடைக்கிறது. மாதத் தவணை 12,455 ரூபாய். 60 தவணைக்கு மொத்தம் 7,47,300 ரூபாய். அதில் வட்டி 1,47,300 ரூபாய்.

அதே 6 லட்சத்தை 7 சதவீதத்துக்கு 5 வருட டெபாசிட்டில் போட்டால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி அசலோடு சேரும் வழக்கமான முறையில், முடிவில் சுமார் 8,48,900 ரூபாய் வரும். அதில் வட்டி 2,48,900 ரூபாய்.

விற்பனையாளர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவார். கட்டுவது ஒன்றரை லட்சம். வருவது இரண்டரை லட்சம். "ஒரு லட்சம் லாபம், காரும் உங்கள் வாசலில் நிற்கும்" என்பார்.

9 சதவீதத்துக்குக் கடன் வாங்கி 7 சதவீதத்துக்குப் போட்டு வைத்தால் ஒரு லட்சம் லாபம் வரும் என்றால், பேங்கே எதற்கு நமக்குக் கடன் கொடுக்கிறது? இந்தக் கேள்வி வந்தாலே கணக்கில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

விட்டுப்போன 12,455 ரூபாய்

விட்டுப்போனது மாதத் தவணை. டெபாசிட்டில் 6 லட்சம் ஐந்து வருடமும் முழுதாகக் கிடக்கிறது. கடனோ மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது. முதல் மாதத் தவணையில் 4,500 ரூபாய் வட்டி, 7,955 ரூபாய் அசல். 30 தவணை முடிந்தபோது அசல் பாக்கி சுமார் 3,33,500 ரூபாய்தான். கடைசித் தவணையில் வட்டி நூறு ரூபாய்கூட இருக்காது. பாக்கி குறையக் குறைய வட்டியும் குறைவதால், மொத்த வட்டி சிறியதாகத் தெரிகிறது.

அந்தக் கடன் குறைந்தது எதனால்? இந்தக் குடும்பம் 60 மாதம், மாதம் 12,455 ரூபாயை வருமானத்திலிருந்து எடுத்துக் கட்டியதால். சேமிப்பைக் கொடுத்துக் கார் வாங்கியிருந்தால் இந்தத் தவணை கிடையாது. அந்தப் பணம் மாதாமாதம் அவர்கள் கையிலேயே இருந்திருக்கும். ஷோரூம் கணக்கு இந்தப் பணத்தை எந்தப் பக்கத்திலும் எழுதுவதில்லை.

இரண்டு வழியையும் சமமாக வைத்துப் பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. கடன் வாங்கிக்கொள்ளுங்கள், 6 லட்சத்தைத் தனியே ஓர் உண்டியலில் வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். மாதத் தவணையை வருமானத்திலிருந்து கட்டாமல் அந்த உண்டியலிலிருந்தே எடுத்துக் கட்டுங்கள். 60 தவணையும் முடிந்தபின் உண்டியலில் பணம் மிஞ்சினால் கடன் லாபம். அதற்கு முன்பே காலியானால், காலியான அளவு நஷ்டம்.

உண்டியலில் உள்ள பணம் அந்த 7 சதவீதத்தை ஈட்டிக்கொண்டே இருப்பதாக வைத்துக்கொள்வோம். 56 தவணை வரை உண்டியல் தாங்கும். 57ஆவது மாதம் அதில் சுமார் 8,200 ரூபாய்தான் இருக்கும். அந்தத் தவணைக்கே 4,200 ரூபாய்க்கு மேல் குறையும். அதற்குப் பிறகு மூன்று முழுத் தவணைகளை வேறு பணத்திலிருந்து கட்ட வேண்டும். ஆக, சுமார் 41,600 ரூபாய் கைநஷ்டம். ஒரு லட்சம் லாபம் என்று சொன்ன அதே கடன், அதே டெபாசிட், அதே வட்டி வீதங்கள்தான் இவை.

வேறு வழியாகப் போட்டாலும் இதே விடைதான். ரொக்கமாகக் கார் வாங்கியவர், கடன்காரர் தவணை கட்டும் அதே நாளில் 12,455 ரூபாயை அதே 7 சதவீதத்துக்குச் சேமித்து வந்தால், 5 வருட முடிவில் அவரிடம் சுமார் 8,90,750 ரூபாய் இருக்கும். கடன்காரரின் டெபாசிட்டில் 8,48,900. வித்தியாசம் சுமார் 41,900 ரூபாய். டெபாசிட் வட்டிக்கு வருமான வரி உண்டு. சொந்த உபயோகக் காரின் கடன் வட்டிக்குச் சம்பளக்காரருக்கு வரிச் சலுகை கிடையாது. அதனால் வரி கட்டுபவருக்கு இந்த நஷ்டம் இன்னும் கூடும்.

இதிலிருந்து மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான். மொத்த வட்டியோடு மொத்த வட்டியை ஒப்பிடக் கூடாது. வீதத்தோடு வீதத்தைத்தான் ஒப்பிட வேண்டும். சேமிப்பு ஈட்டும் வீதம் கடனின் வீதத்தைவிடக் குறைவாக இருக்கும்வரை, எத்தனை வருடமானாலும் கடன் வாங்கியவருக்குத்தான் நஷ்டம்.

"5 சதவீதம்தான்" என்றால்

வீதத்தை ஒப்பிடச் சொன்னதும் அடுத்த தந்திரம் வரும். சில ஃபைனான்ஸ்களில், குறிப்பாகப் பழைய கார்களுக்கு, "வட்டி வெறும் 5 சதவீதம், டெபாசிட்டுக்கு 7 கிடைக்கிறதே" என்பார்கள். அந்த 5 என்பது ஃப்ளாட் வட்டி. அதாவது 6 லட்சத்துக்கு வருடம் 5 சதவீதம் என்றால் 30,000. 5 வருடத்துக்கு 1,50,000. அதை அசலோடு சேர்த்து 60ஆல் வகுத்தால் மாதம் 12,500 ரூபாய்.

மேலே பார்த்த 9 சதவீதக் கடனின் தவணை 12,455. இந்த "5 சதவீத"க் கடனின் தவணை 12,500. பெயரில் 5, ஆனால் பையிலிருந்து போவது 9 சதவீதக் கடனைவிட 45 ரூபாய் அதிகம். காரணம், ஃப்ளாட் முறையில் நீங்கள் திருப்பிக் கட்டிவிட்ட அசலுக்கும் கடைசி மாதம் வரை வட்டி போடுகிறார்கள். குறையும் பாக்கிக்கு வட்டி என்ற முறையில் பார்த்தால் இந்தக் கடனின் உண்மையான வீதம் சுமார் 9.15 சதவீதம்.

இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். வீட்டில் படிக்கும் பிள்ளைகளிடம் மொபைலில் கூகுள் ஷீட்ஸ் அல்லது எக்செல் திறந்து ஒரு கட்டத்தில் இப்படித் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள்:

```
=RATE(60,12500,-600000)*12
```

முதல் எண் தவணைகளின் எண்ணிக்கை. இரண்டாவது மாதத் தவணை. மூன்றாவது நீங்கள் பெறும் கடன் தொகை. விடையை 100ஆல் பெருக்கினால் சதவீதம் வந்துவிடும். கடனிலிருந்து ப்ராசஸிங் கட்டணம், ஆவணக் கட்டணம் என்று 10,000 ரூபாய் பிடித்துக்கொண்டால் உங்கள் கைக்கு வந்தது 5,90,000தான். மூன்றாவது எண்ணாக அதைப் போடுங்கள். வீதம் 9.9 சதவீதத்தை ஒட்டி ஏறியிருக்கும்.

2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்குக் கடன் தரும் பேங்குகளும் ஃபைனான்ஸ் கம்பெனிகளும் 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மெண்ட்' என்ற விவரத் தாளைக் கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும் என்று ரிசர்வ் பேங்க் விதி செய்திருக்கிறது. அதில் ஏ.பி.ஆர். என்ற பெயரில், கட்டணங்களும் சேர்ந்த வருட வீதம் எழுதப்பட்டிருக்கும். விற்பனையாளர் வாயால் சொல்லும் எண்ணை விட்டுவிட்டு அந்த எண்ணைப் பாருங்கள்.

வட்டி வாங்காத வீட்டில் கணக்கு எப்படி?

இதுவரை டெபாசிட் வட்டியை வரவாக எழுதித்தான் கணக்குப் போட்டோம். நம் வீடுகளில் பெரும்பாலானோர் பேங்க் போடும் வட்டியைத் தமக்கென்று எடுத்துக்கொள்வதில்லை. நன்மையை எதிர்பார்க்காமல் கொடுத்துவிடுகிறார்கள். அப்படியானால் உண்டியலில் இருக்கும் பணம் வளர்வதே இல்லை. 6 லட்சத்திலிருந்து 48 தவணை போனதும் மிச்சம் 2,160 ரூபாய். இன்னும் 12 தவணை பாக்கி இருக்கும். அதாவது கடன் வட்டியான 1,47,300 ரூபாயும் அப்படியே நஷ்டம். "சேமிப்பு கையில் இருக்கிறது, கடனும் ஓடுகிறது" என்று இருப்பது வேறு எவரையும்விட நமக்குத்தான் அதிகச் செலவு வைக்கும்.

அந்த 6 லட்சத்தைச் சகோதரரின் கடையில் லாபப் பங்குக்குப் போட்டால்? அல்லது ஷரீஆ வரம்புக்குள் நடக்கும் பங்கு நிதியில் போட்டால்? வருமானம் கூடுதலாக வரலாம். 9 சதவீதத்துக்கு மேல் ஐந்து வருடமும் நிதானமாக வந்தால், எண்ணளவில் உண்டியல் வெல்லும். ஆனால் தொழிலின் லாபம் நிச்சயமில்லை, தவணையோ நிச்சயம். கடையில் இரண்டு மாதம் வியாபாரம் படுத்தாலும் பங்குச் சந்தை இறங்கினாலும் 5ஆம் தேதி 12,455 ரூபாய் போய்த்தான் தீரும். நிச்சயமான செலவை நிச்சயமில்லாத வரவை நம்பி ஏற்பதில் உள்ள ஆபத்துக்கும் ஒரு விலை உண்டு.

முராபஹா முறை பற்றியும் பலர் கேட்கிறார்கள். அதில் நிதி கொடுப்பவர் காரைத் தானே வாங்கித் தன் உடைமையாக்கி, லாபத்தைச் சேர்த்து ஒரு விலை சொல்லி நமக்குத் தவணைக்கு விற்கிறார். பேசிய விலை பிறகு ஏறாது. இந்தியாவில் பேங்குகள் சரக்கு வாங்கி விற்பதை 1949ஆம் வருட பேங்கிங் ஒழுங்குமுறைச் சட்டம் தடுப்பதால், இதைப் பேங்கில் எதிர்பார்க்க முடியாது. தனி வியாபாரிகளும் சில நிறுவனங்களும்தான் செய்கிறார்கள். அங்கும் உண்டியல் சோதனையைச் செய்துபாருங்கள். 6 லட்சம் மதிப்பை 7.2 லட்சத்துக்கு, 60 தவணையாக மாதம் 12,000க்குத் தருகிறார்கள் என்றால், வளராத உண்டியல் 50 தவணையோடு முடிந்துவிடும். மார்க்கப்படி அது வியாபாரம், வட்டியல்ல. ஆனால் கையிலேயே 6 லட்சம் உள்ளவருக்கு அதுவும் 1.2 லட்சம் கூடுதல் செலவுதான். வீதமாகச் சொன்னால் சுமார் 7.4 சதவீதத்துக்குச் சமம். அந்த அளவுக்கு ஹலாலாக வருமானம் தரும் இடத்தில் பணம் ஏற்கெனவே இருந்தால் மட்டுமே முராபஹாவை நாடுவதில் பொருள் உண்டு.

ஜகாத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நிஸாபுக்கு மேல் சேமிப்பு இருந்து ஒரு வருடம் கடந்தால் இரண்டரை சதவீதம் கடமை. 6 லட்சத்துக்கு அது 15,000 ரூபாய். சொந்த உபயோகத்துக்கான காருக்கு ஜகாத் இல்லை. இதை நஷ்டம் என்று நாம் எண்ணுவதில்லை. ஆனால் "சேமிப்பு அப்படியே இருக்கிறது" என்று சொல்பவர் ஒவ்வொரு வருடமும் இந்தக் கடமையும் வரும் என்பதை மறக்கக் கூடாது. நீண்ட தவணைக் கடனில் எவ்வளவைக் கழித்துவிட்டு ஜகாத் கணக்கிடுவது என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு; உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரொக்கமாக வாங்குவதில் தவறு நேரும் இடம்

இவ்வளவு சொன்னதால், இருக்கும் பணத்தை எல்லாம் துடைத்தெடுத்துக் காருக்குக் கொடுத்துவிடலாம் என்று பொருள் இல்லை. நம் உதாரணக் குடும்பத்துக்குக் கார் வாங்கியபின் 1.5 லட்சம் மிஞ்சுகிறது. மாதச் செலவு 25,000 என்றால் அது ஆறு மாதத்துக்கு வரும். இந்த மிச்சம் இருப்பதால்தான் அவர்களுக்கு ரொக்கம் நல்ல வழி. ஒன்பது லட்சத்துக்கே கார் வாங்கி, அடுத்த மாதம் ஆஸ்பத்திரிச் செலவு வந்து, வீட்டிலுள்ள நகையை வட்டிக்கு அடகு வைத்தால், முன்வாசலில் தடுத்த வட்டி பின்வாசலில் வந்துவிடும். ஆறு மாதச் செலவுக்குப் பணம் மிஞ்சாது என்றால் அந்தக் கார் அந்தக் குடும்பத்துக்குப் பெரியது. விலை குறைந்த மாடலையோ, நன்றாகப் பார்த்து ஒரு பழைய காரையோ வாங்க வேண்டும். அல்லது காத்திருக்க வேண்டும்.

காத்திருப்பதற்கும் கணக்கு உண்டு. மாதம் 12,500 ரூபாய் தவணை கட்டச் சக்தியுள்ளவர், அதே தொகையைச் சேர்த்து வந்தால் 48 மாதத்தில் 6 லட்சம் சேர்ந்துவிடும். கடன் வாங்கினால் 60 மாதம் கட்ட வேண்டும். இடையில் காரின் விலை ஏறும். ஆட்டோ, பஸ் செலவும் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் தொழிலுக்காக அல்லாமல் வசதிக்காக வாங்கும் காருக்கு, அந்த 12 மாதத் தவணை பெரிய தொகை.

இரண்டாவது தவறு இன்னும் எளிதாக நடக்கும். ரொக்கமாக வாங்கியவருக்கு மாதம் 12,455 ரூபாய் மிஞ்சுகிறது என்றோமே, அதை அவர் உண்மையாகவே எடுத்து வைத்தால்தான் மேலே சொன்ன கணக்கு பலிக்கும். கார் வந்துவிட்டது, தவணையும் இல்லை என்று அந்தப் பணம் வீட்டுச் செலவில் கரைந்தால், 5 வருடம் கழித்து சேமிப்பும் இருக்காது, காரின் மதிப்பும் குறைந்திருக்கும். அதனால் கார் வாங்கிய மறு மாதமே, கடன் கட்டுவதைப் போலத் தேதி குறித்து, தனிக் கணக்கில் போட்டுவரத் தொடங்குங்கள். உங்கள் சேமிப்பிலிருந்து நீங்களே கர்ளன் ஹஸனா எடுத்ததாக எண்ணிக்கொண்டால் மனம் ஒப்பும். 49 மாதத்தில் அந்த 6 லட்சம் திரும்பிவிடும்.

பூஜ்ஜிய வட்டியும் ரொக்கத் தள்ளுபடியும்

பெருநாள், தீபாவளி சமயங்களில் "வட்டியே இல்லை" என்று விளம்பரம் வரும். வட்டி இல்லை என்றதும் நம் மக்கள் நிம்மதியாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். அதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "முழுப் பணமும் இன்றே கொடுத்தால் விலை என்ன?" அதற்கு 30,000 ரூபாய் குறைத்துத் தருவார்கள் என்றால், தவணையில் வாங்குபவர் அந்த 30,000ஐ விலையில் சேர்த்துக் கட்டுகிறார். அதோடு ப்ராசஸிங் கட்டணமும் இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த ஒப்பந்தத்தின் மார்க்க நிலையை, ஆவணத்தைக் காட்டி ஆலிமிடம் கேட்க வேண்டும். விளம்பரத்திலுள்ள பெயரை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

நேர்மாறாகவும் நடப்பதுண்டு. கடன் ஏற்பாட்டுக்கு ஷோரூமுக்குக் கமிஷன் வருவதால், "எங்கள் மூலம் லோன் எடுத்தால் 15,000 தள்ளுபடி" என்பார்கள். 1,47,300 ரூபாய் வட்டியிலிருந்து 15,000ஐக் கழித்துப் பாருங்கள். பெரிதாக எதுவும் மாறவில்லை. சேமிப்பு உள்ளவர் இன்சூரன்ஸையும் கூடுதல் பொருட்களையும் வெளியில் விலை விசாரித்து, ஷோரூமில் பேரம் பேசினால் அந்தத் தொகையைப் பெரும்பாலும் அங்கேயே குறைத்துவிடலாம்.

ரொக்கம் என்றதும் நோட்டுக் கட்டாக எடுத்துப் போகாதீர்கள். ஒரே கொள்முதலுக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ நோட்டாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. செக், டி.டி. அல்லது பேங்க் மாற்றலாகவே கொடுத்து, இன்வாய்ஸில் முழுத் தொகையும் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஏற்கெனவே கடனில் கார் ஓட்டிக்கொண்டிருப்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். கையில் பணம் சேர்ந்திருந்தால், இன்றைய அசல் பாக்கி எவ்வளவு, முன்கூட்டி முடிக்கக் கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இனி கட்ட வேண்டிய தவணைகளின் கூட்டுத்தொகை இந்த இரண்டின் கூட்டுத்தொகையைவிட அதிகமாக இருந்தால், முடித்துவிடுவதே மேல். கடன் முடிந்ததும் என்.ஓ.சி.யும் படிவம் 35ம் வாங்கி, ஆர்.டி.ஓ.வில் ஆர்.சி. புத்தகத்திலுள்ள கடன் குறிப்பை நீக்கிவிடுங்கள். அதை நீக்காமல் விட்டால் காரை விற்கும் நாளில் அலைச்சல்தான்.

ஷோரூமுக்குப் போகும்முன் வீட்டில் உட்கார்ந்து இந்த உண்டியல் கணக்கைக் குடும்பத்தோடு ஒருமுறை போட்டுப் பாருங்கள். தவணைத் தொகை, தவணைகளின் எண்ணிக்கை, கையிலுள்ள பணம் என்ற மூன்று எண்கள் போதும். எத்தனையாவது மாதத்தில் உண்டியல் காலியாகிறது என்பது தெரிந்துவிட்டால், யார் என்ன தாளில் எழுதிக் காட்டினாலும் குழப்பம் வராது, இன்ஷா அல்லாஹ்.